தளத்துக்கு மேல் ஒரு கூரை

ஒழுகும் பழைய கான்கிரீட் தளங்களின் மேல் ஷீட் கூரைகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. அவை வீட்டைக் குளிர்விப்பது எப்போது, புயலில் பறந்து போவது எதனால்?

சூரியன் அஸ்தமித்து ஒரு நாழிகைக்கு மேல் ஆகிவிட்ட மே மாதத்து இரவில், கடலூர் மஞ்சக்குப்பத்துத் தெருவொன்றில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுக் கூடத்தில் இருக்கமாட்டாமல் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறார். கூடத்தில் மின்விசிறி சுழன்றுகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அது கீழே தள்ளும் காற்றில் கொதிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. மொட்டைமாடியில் அவருடைய மனைவியார் குடத்துத் தண்ணீரை வாரி இறைக்கிறார். இறைத்த இடம் அடுத்த குடம் வருவதற்குள் காய்ந்து வெளுத்துவிடுகிறது. கூடத்தின் நடுவே நின்று அண்ணாந்து பார்த்தால், சென்ற ஐப்பசி, கார்த்திகையில் ஒழுகிய நீர் வரைந்துவிட்டுப் போன பழுப்பு வளையங்களும், அவற்றில் ஒன்றின் மத்தியில் காரை பெயர்ந்து வெளிப்பட்டிருக்கும் துருவேறிய கம்பியும் தெரிகின்றன. குடத்தோடு இறங்கி வந்த அம்மையார், "மழையில தண்ணி ஒழுகுது, வெயில்ல சூடு ஒழுகுது, இந்தத் தளத்தை என்னதாங்க பண்றது?" என்று கணவரைக் கேட்கிறார்.

சலிப்பில் பிறந்த அந்தக் கேள்வியில் ஒரு சாஸ்திர உண்மை இருக்கிறது. தண்ணீரின் ஒழுகலும் உஷ்ணத்தின் ஒழுகலும் இரு வேறு வியாதிகள் என்று கருதி, முன்னதற்குக் கொத்தனாரையும் பின்னதற்குக் குளிர்சாதனக் கடைக்காரரையும் நாடுவதே நம் வழக்கம். உண்மையில் இரண்டுக்கும் மூலகாரணம் ஒன்றே. அது தளத்தின் மேல் தடையின்றி விழும் வெயில். ஆகவேதான், தளத்தை உடைக்காமலும் அதன் மேல் மேலும் பாரம் ஏற்றாமலும், சற்று உயரத்தில் ஒரு லேசான சரிவுக் கூரையை நிறுத்தி நிழல் செய்யும் முறை, கேரளத்தில் வீட்டுக்கு வீடு பரவி, இன்று நம் பக்கத்துச் சிற்றூர்கள் வரை வந்திருக்கிறது. வந்திருக்கும் கூரைகளில் பாதி ஒழுங்காகவும் பாதி அபாயமாகவும் நிற்பதைத் தெருவில் நடந்தாலே காணலாம். எது எந்தப் பாதியைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ள, மேற்கூறிய வீட்டையே கணக்காக எடுத்துக்கொள்வோம்: 1984ஆம் ஆண்டில் கட்டியது, 30 அடிக்கு 40 அடி, ஒன்பது அங்குலச் செங்கற்சுவர்களின் மேல் நாலரை அங்குலக் கான்கிரீட் தளம், அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்டுத் தட்டோடு பதித்த மேல்தளம், சுற்றிலும் மூன்றடிக் கைப்பிடிச் சுவர்.

நண்பகல் வெயில் இரவில் இறங்குகிறது

கடலூரின் அட்சரேகையில் சூரியன் நேர் உச்சியில் நிற்பது ஏப்ரல் மாதத்து மூன்றாம் வாரத்தில். கத்திரி வெயிலின்போது அது உச்சியிலிருந்து சற்றே வடக்கே சாய்ந்திருக்கும், அவ்வளவுதான். அப்போது நண்பகலில் ஒவ்வொரு சதுர மீட்டர் தளத்தின் மீதும் ஏறத்தாழ ஆயிரம் வாட் சக்தி இறங்குகிறது. அதாவது, மீட்டருக்கு ஓர் இஸ்திரிப் பெட்டி வீதம் மொட்டைமாடி முழுவதும் வரிசையாக வைத்து மின்சாரம் பாய்ச்சியதற்கு ஒப்பாகும். பாசி படர்ந்து கறுத்துப்போன பழைய தட்டோட்டின் மேற்பரப்பு அந்த வேளையில் 55, 60 செல்சியஸை எளிதில் எட்டிவிடுகிறது.

அந்த உஷ்ணம் உடனே வீட்டுக்குள் வந்துவிடுவதில்லை என்பதுதான் இதில் விசேஷம். தட்டோடு, ஜல்லித் தளம், கான்கிரீட் என்ற மூன்று அடுக்குகளையும் கடந்து அது அடிப்பரப்பை வந்தடைய ஐந்தாறு மணி நேரம் பிடிக்கிறது. நண்பகலில் புறப்பட்டது, விளக்கேற்றும் வேளைக்குக் கூடத்தை அடைந்து, நள்ளிரவு வரை இறங்கிக்கொண்டே இருக்கிறது. தளத்தின் அடிப்பரப்பு 40 செல்சியஸாகவும் நம் உடலின் தோல் சுமார் 34 ஆகவும் இருக்கும்போது, மேலேயிருந்து கண்ணுக்குப் புலப்படாத கதிர்வீச்சாக உஷ்ணம் உடலின் மேல் இறங்குகிறது. மின்விசிறி வியர்வையை உலர்த்துமேயன்றி இந்தக் கதிரைத் தடுக்க அதற்குச் சக்தி இல்லை. அறையில் காற்று அப்படியொன்றும் சூடாக இல்லை என்று உஷ்ணமானி சொல்லும்போதும் கட்டிலில் படுக்க முடியாமல் போவதன் ரகசியம் இதுவே. குடத்துத் தண்ணீர் மேற்பரப்பைச் சிறிது ஆற்றலாம். அதற்குள் உள்ளே நுழைந்துவிட்ட உஷ்ணத்தைத் திருப்பி அழைக்க அதனால் ஆகாது.

விரிசலும் வெயிலின் கைவேலையே

இனித் தண்ணீருக்கு வருவோம். கான்கிரீட் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும். பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள தளம், பகலுக்கும் விடியற்காலைக்கும் இடையே 25 செல்சியஸ் மாறுபடுமானால், ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் நீண்டு சுருங்க விரும்புகிறது. சுவர்கள் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. பிடித்து நிறுத்தும் இடத்தில், அதாவது கைப்பிடிச் சுவரும் தளமும் கூடும் மூலையில், விரிசல் உண்டாகிறது. தளம் நாள்தோறும், வருஷத்துக்கு 365 முறை, இந்த இழுபறியில் ஈடுபட்டிருக்கையில், கோடைதோறும் சிமெண்டுக் காரையாலும் ரசாயனப் பூச்சுகளாலும் அந்த விரிசலை அடைத்துக்கொண்டிருப்பது வீண் பிரயத்தனம். அடைத்த காரை இழுபறியில் மறுபடியும் பிளக்கிறது. பூச்சு வெயிலில் வெந்து உரிகிறது. ஐப்பசியில் மீண்டும் கூடத்தில் வாளி வைக்கவேண்டி வருகிறது.

உள்ளே நுழைந்த ஈரம் கம்பியைத் தொடுகிறது. இரும்பு துருவாக மாறும்போது தன் பழைய கன அளவைப்போல் சில மடங்கு பெருக்கிறது. பெருக்கும் துரு கீழே மூடியிருக்கும் காரையைத் தள்ளிப் பெயர்க்கிறது. 1980களில் கட்டிய பல வீடுகளில் கம்பிக்குக் கீழே அரை அங்குலத்துக்கு மேல் கான்கிரீட் மூடல் இருப்பதில்லை. கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் துணை சேர்ந்துகொள்கிறது.

இப்போது இதே தளத்தின் மேல் நிழல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தளம் வெறும் காற்றின் உஷ்ணத்தை மட்டும் பின்பற்றி நாளுக்கு எட்டு, பத்து செல்சியஸ் மாறுமே தவிர, பழைய ஆட்டம் அடங்கிவிடும். விரிசல் அசைவதை நிறுத்தும். மேலே நீர் விழாததால் உள்ளே நுழையவும் ஒன்றும் இராது. மழையைத் தடுப்பது கூரையின் வெளிப்படையான பணி. தளத்தின் தினசரி இழுபறியை நிறுத்துவது அதன் மறைவான பணி. இரண்டாவதே பெரிது என்பது என் அபிப்பிராயம்.

> எடைக் கணக்கு
>
> ஒழுகும் தளத்தின் மேல் ஓர் அங்குலக் கனத்துக்குச் சிமெண்டுக் காரை பூசினால், 1,200 சதுர அடி வீட்டில் அது மட்டுமே ஐந்தரை டன்னுக்கு மேல் ஆகும்.
>
> நாலு அங்குல ஜல்லித் தளமும் தட்டோடும் சேர்ந்தால் ஏறத்தாழ 21 டன்.
>
> அதே வீட்டின் மேல், சுற்றிலும் இரண்டரை அடி வெளியே நீளும்படி நிறுத்திய இரும்புச் சட்டமும் அரை மில்லிமீட்டர் ஷீட்டும் சேர்ந்து சுமார் இரண்டேகால் டன்.
>
> மங்களூர் ஓடு வேய்ந்தால், ஓடு மட்டும் சதுர மீட்டருக்கு 40 கிலோவுக்குக் குறையாது. தாங்கும் சட்டமும் அதற்கேற்பக் கனக்கும்.

ஓடு போய்த் தளம், தளத்தின் மேல் மறுபடியும் சரிவு

பாசல் மிஷனார் 1865இல் மங்களூரில் முதல் ஓட்டுத் தொழிற்சாலையை நிறுவியபின் நம் ஊர்களில் பரவிய சீமை ஓட்டையும், அதற்கு முந்திய நாட்டோட்டையும் இறக்கிவிட்டுத் தளம் போடுவது, சென்ற நூற்றாண்டின் பின்பாதியில் ஒரு குடும்பத்தின் உயர்வைத் தெருவுக்கு அறிவிக்கும் செயலாயிருந்தது. "மெத்தை வீடு" என்றால் பெண் கொடுப்பார்கள். இறக்கிய ஓட்டின் சரிவையே இரும்பும் தகரமும் கொண்டு அந்த மெத்தையின் மேல் இப்போது மறுபடியும் எழுப்புகிறோம். விஷயத்துக்குப் போவோம்.

முதலில் ஒரு சுத்தியல்

பட்டறைக்காரரை அழைத்து விலை கேட்பதற்கு முன், சிறு சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி, தளத்தின் அடிப்பரப்பை ஓரடிக்கு ஓரிடமாகத் தட்டிப் பார்ப்பது அவசியம். கணீரென்று ஒலித்தால் கான்கிரீட் கெட்டியாக இருக்கிறது. பொக்கென்று ஒலித்தால் காரை கம்பியைவிட்டுப் பிரிந்து தொங்குகிறது. மஞ்சக்குப்பத்து வீட்டில் பொக்கென்ற ஒலி கூடத்தின் நடுவில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்கும், குளியலறைக்கு மேல் கொஞ்சமும் கேட்டது. அத்தகைய இடங்களைத் தட்டி உதிர்த்து, கம்பியைத் துரு நீங்கத் தேய்த்து, பாலிமர் கலந்த காரையால் மூடுவது கொத்தனார் செய்யக்கூடிய வேலை. ஆனால் கம்பி மெலிந்து நூலாகியிருந்தாலோ, தளம் நடுவில் தொய்ந்திருந்தாலோ, கம்பிகளின் வரிசையை ஒட்டியே நீண்ட வெடிப்புகள் ஓடியிருந்தாலோ, கட்டுமானப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்க்கும்வரை மேலே ஒன்றும் செய்யலாகாது. கூரை ஈரத்தைத் தடுத்துத் துருவின் வேகத்தைக் குறைக்குமேயன்றி, தின்றுபோன கம்பியைத் திரும்பத் தராது. விழ இருக்கும் தளத்துக்கு நிழல் செய்வதில் பிரயோஜனம் இல்லை.

பழைய தளத்தின் மேல் வருஷந்தோறும் பூசிச் சேர்ந்த காரை அடுக்குகள் இருந்தால், தளர்ந்தவற்றைப் பெயர்த்து இறக்கிவிடுவது உத்தமம். அந்த வீட்டில் அவ்வாறு இறக்கிய சுமை, பின்பு ஏற்றிய கூரையின் சுமையைவிட அதிகம்.

கால் எங்கே ஊன்றுகிறது?

கூரையின் வடிவம் எளியது. வீட்டின் நீளவாக்கில் கிழக்கு மேற்காக ஓடும் முகடு; அதிலிருந்து வடக்கேயும் தெற்கேயும் இறங்கும் இரு சரிவுகள். ஐந்தடிக்கு ஓரடி வீதம் சரிவு. சுவரின் நேர்மேலே தளத்திலிருந்து ஐந்தரை அடி உயரம். முகட்டில் எட்டரை அடி. நடுவில் நிமிர்ந்து நடக்கலாம், ஓரத்தில் குனியவேண்டும். முகட்டிலிருந்து இறவாரம் வரை ஒரே நீளத் தகடாக வாங்கினால் நடுவே ஒட்டு விழாது. ஒட்டு இல்லாத இடத்தில் ஒழுகலும் இல்லை. திருகாணிகளை அலையின் பள்ளத்தில் முடுக்காமல் மேட்டில் முடுக்கவேண்டும், ரப்பர் வாஷர் நசுங்கிப் பிதுங்கும்வரை இறுக்கலாகாது என்பவையெல்லாம் பட்டறைக்காரர்கள் அறிந்தவை. அவசரத்தில் மறப்பவையும் அவையே.

மேலே நடக்கும் இந்த வேலைகளைக் காட்டிலும் கீழே கால் ஊன்றும் இடம் முக்கியமானது. மொத்தம் பன்னிரண்டு கால்கள்: இரு பக்கச் சுவர்களின் மேல் நந்நான்கு, கூடத்தையும் அறைகளையும் பிரிக்கும் நடுச்சுவரின் நேர்மேலே நான்கு. எந்தக் காலும் சுவரில்லாத தளத்தின் நடுவில் நிற்பதில்லை; கைப்பிடிச் சுவரின் மேலும் நிற்பதில்லை, ஏனெனில் அந்தச் சுவர் பாரம் தாங்கக் கட்டியதல்ல.

நாம் ஊர்தோறும் காணும் பெரும்பிழை இங்கேதான் நிகழ்கிறது. காலின் அடியில் ஒரு பேஸ் பிளேட்டை வைத்து, தட்டோட்டின் மேலேயே துளையிட்டு, நான்கு அங்குல ஆங்கர் போல்ட் நான்கை அடித்து முடுக்கிவிட்டு, "அசைச்சுப் பாருங்க சார், மலை மாதிரி நிக்குது" என்று வெல்டர் சொல்கிறார். அசைத்துப் பார்த்தால் அசையாதுதான். ஆனால் தட்டோடும் ஜல்லித் தளமும் சேர்ந்தே நாலு அங்குலம் இருப்பதால், அந்தப் போல்ட்டின் நுனி கான்கிரீட்டைத் தொட்டிருக்கவே வழியில்லை. அது பிடித்துக்கொண்டிருப்பது நாற்பது வருஷத்துச் சுண்ணாம்பையும் செங்கற்சல்லியையும். போதாக்குறைக்கு, நீர் நுழைய நாற்பத்தெட்டுப் புதிய துளைகள்.

முறையான வழியில், கால் நிற்கவேண்டிய இடத்தில் ஓரடிச் சதுரத்துக்கு மேல்தளத்தைப் பெயர்த்துக் கான்கிரீட்டை வெளிக்கொணர்ந்து, அதில் துளையிட்டு ஊதித் தூசு நீக்கி, 12 மில்லிமீட்டர் கம்பிகளை ரசாயனப் பசையில் ஊன்றுவார்கள். அவற்றைச் சுற்றி ஒரு கான்கிரீட் பீடம் வார்த்து, போல்ட்டுகளை அந்தப் பீடத்தோடு சேர்த்தே பதித்து, பீடத்தின் அடியை வட்டக் காரையால் அணைப்பார்கள். இதற்குக் கூடுதலாகச் சில நாட்களும் கொஞ்சம் சிமெண்டும் ஆகும். ஒப்பந்தம் பேசும்போது இதை எழுத்தில் சேர்க்காவிட்டால், வேலை முடிந்த பிறகு வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம்.

இரண்டேகால் டன் கூரையை உயர்த்தும் பதினாலு டன்

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? லேசான கூரை கீழே விழுவதில்லை, மேலே போகிறது. காற்று சரிவின் மேல் விரைந்து ஓடும்போது மேற்புறத்தில் இழுவையும், திறந்த பக்கங்கள் வழியே உள்ளே புகும்போது அடிப்புறத்தில் தள்ளுதலும் உண்டாகின்றன. இரண்டும் ஒரே திசையில் வேலை செய்கின்றன.

> காற்றின் கணக்கு
>
> காற்று விசையைப் பற்றிய இந்தியத் தரநூல் (IS 875, மூன்றாம் பகுதி), சென்னைக்கும் புதுச்சேரிக்கும் வடிவமைப்பின் அடிப்படை வேகம் விநாடிக்கு 50 மீட்டர் என்கிறது. அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். திருச்சிக்கு 47, மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் 39.
>
> அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 50 மீட்டர் வேகத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. 39 மீட்டரில் சுமார் 90 கிலோ.
>
> தாழ்ந்த வீடு, சுற்றிலும் மரமும் கட்டடமும் என்பவற்றுக்காகச் சற்றுத் தள்ளுபடி செய்து, சதுர மீட்டருக்கு 100 கிலோ மேல்நோக்கிய இழுவை என்று கொண்டால், 146 சதுர மீட்டர் கூரைக்கு ஏறத்தாழ பதினாலரை டன்.

பதினாலரை டன்னைப் பன்னிரண்டு கால்களுக்குப் பகிர்ந்து, ஒவ்வொரு காலும் தாங்கும் கூரையின் சொந்த எடையைக் கழித்தால், காலொன்றுக்கு ஒரு டன் வீதம் மேலே பிடுங்கும் விசை மிஞ்சுகிறது. கீழேயுள்ள கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 290 கிலோ கனக்கிறது. ஆகவே அந்த ஒரு டன்னை எதிர்த்து நிற்க வீட்டுக்கு வலிமை உண்டு. கேள்வி, கால் அந்தத் தளத்தோடு உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்பதுதான். அதனாலேதான் சுண்ணாம்பில் முடுக்கிய போல்ட்டை அபாயம் என்கிறோம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கரையைக் கடந்த ஊர் கடலூர். அந்த விடியற்காலையைக் கண்ட தெருக்களில் இந்தக் கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கல்ல. பறக்கும் தகடு தன் வீட்டுக்காரரை விட்டுவிட்டு, அடுத்த தெருவில் நடப்பவர் மேல் இறங்கும்.

சட்டத்தில் கால்களுக்கிடையே பெருக்கல் குறிபோல் குறுக்குக் கட்டு போட்டிருக்கிறார்களா, இறவாரத்திலும் முகட்டிலும் மூலைகளிலும் திருகாணிகள் நெருக்கமாக இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். இழுவை மிகுவது அந்த ஓரங்களில்தான். பெரும்பாலான கூரைகள் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டுதான் முழுவதும் உரியத் தொடங்குகின்றன.

திறந்து வைத்தால்தான் குளிர்ச்சி

புயலுக்கு அஞ்சி, "நாலு பக்கமும் தகடு அடிச்சு மூடிடலாமா?" என்று ஆசிரியர் கேட்டார். இயற்கையான கேள்விதான், ஆனால் மூடினால் கூரை போட்ட காரியமே கெட்டுவிடும்.

வெயிலில் ஷீட் தளத்தைவிடவும் சூடாகிறது. மெல்லிய தகட்டில் உஷ்ணத்தைச் சேமிக்க இடமில்லாததால், நண்பகலில் அது 60 செல்சியஸைத் தாண்டி, அடியிலுள்ள காற்றையும் சுட வைக்கிறது. நான்கு பக்கமும் மூடியிருந்தால் அந்தக் காற்று அங்கேயே தேங்கித் தளத்தைச் சுடும். முன்பு வெயில் செய்த வேலையை இப்போது வெந்த காற்று செய்யும். கூரை போட்டும் வீடு குளிரவில்லை என்று குறைபடுபவர்களின் வீடுகளில் பெரும்பாலும் முக்கோண முகப்புகள் இரண்டும் தகட்டால் அடைபட்டிருப்பதைக் காணலாம். கடலூரில் முற்பகலில் மேல்காற்றும், பிற்பகலில் கிழக்கேயிருந்து கடற்காற்றும் வீசுவதால், முகட்டைக் கிழக்கு மேற்காக அமைத்து இரு முகப்புகளையும் திறந்து வைத்தால், காற்று ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியேறும். இறவாரத்துக்கும் கைப்பிடிச் சுவருக்கும் இடையேயும் திறப்பு இருக்கவேண்டும். புறாக்களுக்காக வலை அடிக்கலாம்.

காற்றுக்குத் திறந்த கூரை புயலை அதிகமாக ஏற்கும். புயலுக்கு அஞ்சி மூடிய கூரை வீட்டைச் சுடும். இவ்விரண்டில் திறப்பையே தேர்ந்து, அதற்குரிய விலையைக் காலடியில் கட்டுவது ஒன்றே நியாயமான வழி.

தேங்கிய காற்றை அகற்றிய பிறகும் ஷீட்டின் அடிப்புறம் கீழ்நோக்கிக் கதிர்வீசிக்கொண்டிருக்கும். இங்கே ஒரு நுட்பம்: வர்ணம் பூசிய அடிப்புறம் தன் உஷ்ணத்தை ஏறக்குறைய முழுமையாகக் கீழே வீசுகிறது, வர்ணமில்லாத அலுமினிய-துத்தநாகப் பூச்சோ அதில் ஒரு சிறு பங்கைத்தான் வீசுகிறது. ஆகவே மேற்புறம் வெள்ளை அல்லது வெளிர் நிறமாகவும், அடிப்புறம் வெறும் உலோகப் பளபளப்பாகவும் இருப்பது நலம். அடியில் தகட்டுத்தாள் ஒட்டிய காப்பு விரிப்பைப் பொருத்துவதானால் பளபளக்கும் முகம் கீழே பார்க்கவேண்டும். மேலே பார்த்தால் ஒரே கோடையில் தூசு படிந்து பயனற்றுப் போகும். செங்கல் நிறத்து ஷீட் ஓட்டு வீடுபோல் அழகாக இருக்கிறது என்று பலரும் அதையே வாங்குகிறார்கள். அழகுதான், வெள்ளையைவிடச் சூடும் அதிகம்.

சுண்ணாம்பு அல்லது வெண்பூச்சு அடித்தாலே போதாதா என்று கேட்பவர்களுக்குப் பதில்: ஒழுகாத தளத்துக்குப் போதும், செலவும் மிகக் குறைவு. வெள்ளை அழுக்கேறுவதற்குமுன் மறுபடியும் அடித்துவிட வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. ஒழுகலும் சூடும் சேர்ந்திருக்கும் வீட்டுக்குத்தான் கூரை நியாயமான செலவு.

இறவாரத்து நீர் எவருடையது?

கூரை எழுந்தபின் முதல் பெருமழையில் வரும் வழக்கு இது. பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் இந்தக் கூரையிலிருந்து 14,600 லிட்டர் தண்ணீர் இறங்குகிறது, சரிவுக்குப் பாதி. தளத்தில் மெதுவாக ஓடி மூலைக்குழாயில் இறங்கிய நீர், தகட்டில் ஒரே பாய்ச்சலாக வருகிறது. வீட்டுக்கும் மதிலுக்கும் மூன்றடிதான் இடைவெளி என்றிருக்க, இறவாரம் இரண்டரை அடி வெளியே நீண்டால், நீர் பக்கத்து வீட்டுச் சன்னலில் தெறிக்கும். இருபது வருஷச் சிநேகம் ஐப்பசியில் முறிவதற்கு இது போதும். ஆகவே இறவாரம் முழுவதும் நீர்த்தொட்டிக் கால்வாய் பொருத்தி, இருபுறமும் இரண்டிரண்டு நாலங்குலக் குழாய்களால் இறக்கி, 2003ஆம் ஆண்டுமுதல் கட்டாயமாகிய மழைநீர் சேகரிப்புக் குழியில் விடுவதைக் கூரையின் விலையோடு சேர்த்தே பேசிக்கொள்ளவேண்டும். கால்வாய் தம் எல்லைக்குள் நிற்கும்படி இறவாரத்தை அந்தப் பக்கம் குறைத்துக்கொள்வதும் தகும்.

சத்தத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். தகட்டில் மழை பேரிரைச்சலிடும் என்பது உண்மை. ஆனால் கீழே கான்கிரீட் தளம் ஒன்று இருப்பதால் அறைக்குள் வருவது அதில் சொற்பமே. இழப்பது வேறு. வடாம் காயவைக்கும் வெயில், நிலாவில் பாய் விரிக்கும் இடம், கார்த்திகைத் தீபத்தன்று விளிம்பெல்லாம் அகல் ஏற்றும் அந்தத் திறந்த வெளி ஆகியவை போய்விடுகின்றன. துணி உலர்த்த மழைக்காலத்திலும் இடம் கிடைக்கிறது என்று வீட்டு அம்மையார் தேறுதல் சொல்லிக்கொண்டார். அது சிறு லாபமல்ல.

உறவினர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "பக்கத்துல நாலு சுவர் வெச்சுட்டா வாடகைக்கு விடலாமே மாமா" என்றாராம். அந்த யோசனை தோன்றாத வீடில்லை. ஆனால் நாலரை அங்குலத்துப் பழைய தளம் சுவரையும் குடியையும் பீரோவையும் தாங்கக் கணக்கிட்டதல்ல. மூடிய அறை உள்ளாட்சியின் கண்ணுக்கு ஒரு மாடியாகத் தெரிவதும், அனுமதியும் வரியும் அதற்கேற்ப மாறுவதும் தவிர்க்கமுடியாதவை. திறந்த கூரைக்கும்கூட உள்ளாட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பதில் பெற்றுக்கொள்வது விவேகம்.

எதை இந்தக் கூரை செய்யாது

நிழல் விழுந்த முதல் மாதத்திலேயே இரவு வித்தியாசம் தெரிகிறது. தளத்தின் அடிப்பரப்பு தோலைவிடச் சூடாக இல்லாதபோது மின்விசிறியின் காற்று மறுபடியும் காற்றாகிறது. எனினும் கூரையில்லாத தளம் நள்ளிரவுக்குப்பின் வானத்தை நோக்கித் தன் உஷ்ணத்தை வீசி ஆறியதுபோல், நிழலுக்குள் உள்ள தளத்தால் ஆற முடியாது. ஆகவே இரவில் சன்னல்களை அடைத்து வைத்திருக்கும் வீட்டில் விடியற்காலைக் குளிர்ச்சி எதிர்பார்த்த அளவு இராது. மேற்குச் சுவரில் மாலை நாலு மணிக்கு அடிக்கும் வெயிலை இறவாரம் மறைக்காது. அந்தப் பக்கத்து அறை அதற்குரிய சூட்டோடேயே இருக்கும்.

ஒழுகல் நின்றபிறகும் பழுப்பு வளையங்கள் ஈரமாகவே இருப்பதைக் கண்டு பட்டறைக்காரரைத் திட்டுபவர்கள் உண்டு. நாற்பது வருஷ ஈரம் குடித்த ஜல்லித் தளம் காய ஒரு கோடையாவது வேண்டும். அதற்குமுன் அடிப்பரப்பில் வர்ணம் பூசினால் அது கொப்புளித்து உரியும். கோடை கடந்தும் ஓரிடத்தில் ஈரம் நீடித்தால், மழையில்லாத நாட்களில் அது வளர்கிறதா என்று பென்சிலால் கோடு கிழித்துக் கவனிக்கவேண்டும். மழை இல்லாதபோதும் வளர்ந்தால் குற்றவாளி தண்ணீர்த்தொட்டியோ அதன் குழாயோதான். மழையில் மட்டும் வளர்ந்தால், மாடிப்படியின் தலையறைச் சுவரில் தகடு வந்து முட்டும் விளிம்பைப் பார்க்கவேண்டும். அங்கே சுவரைக் கீறித் தகட்டு மடிப்பைச் செருகாமல், வெறுமனே பசை தடவி விட்டிருப்பார்கள். மஞ்சக்குப்பத்து வீட்டிலும் மிஞ்சிய ஒரே கசிவு அந்த விளிம்பில்தான் இருந்தது. கொத்தனார் வந்து சுவரில் ஓர் அங்குலம் கீறி, மடிப்பை உள்ளே செலுத்திக் காரை வைத்து மூட அரைநாள் பிடித்தது.

பட்டறைக்காரர் மறுபடியும் வரவேண்டியது புரட்டாசியில். மழைக்குமுன் ஒருமுறை மேலேறி, காலடிப் போல்ட்டுகளின் மரைகளையும், கடற்கரையை ஒட்டிய வீடானால் வெல்டு வைத்த இடங்களில் பூச்சு உதிர்ந்து துரு கிளம்பியிருக்கிறதா என்பதையும் பார்த்து, நீர்க்கால்வாயில் சேர்ந்திருக்கும் வேப்பஞ்சருகை அள்ளிப் போடவேண்டும்.